பழைய புகார்களைப் புதிய விசாரணையில் எந்த அளவுக்குக் கணக்கில் எடுக்கலாம்?

கேள்வி: எங்கள் கம்பெனியின் விசாகா கமிட்டியில் நான் உறுப்பினர். ஒரு டீம் மேனேஜர் மீது பெண் ஊழியர் ஒருவர் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்திருக்கிறார். இதே மேனேஜர் மீது முன்பும் இரண்டு புகார்கள் வந்திருக்கின்றன. ஒன்று நிரூபிக்கப்படவில்லை, மற்றொன்று சமரசத்தில் முடிந்தது. கமிட்டியில் சிலர் "மூணாவது தடவை, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்" என்கிறார்கள். சிலர் "முடிஞ்சுபோன ஃபைலைத் தொடவே கூடாது" என்கிறார்கள். எது சரி?

பதில்:

பழைய ஃபைலைத் திறக்கலாம். ஆனால் இன்றைக்கே திறக்காதீர்கள். முதலில் புதிய புகாரை மட்டும் படியுங்கள், புகார்தாரரின் வாக்குமூலத்தை வாங்குங்கள், மேனேஜர் எழுத்தில் என்ன பதில் தருகிறார் என்று பாருங்கள். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் 2013 விதிகளின்படி புகாரின் நகல் ஏழு வேலை நாட்களுக்குள் அவருக்குப் போக வேண்டும், அதற்குப் பிறகு பதில் தர அவருக்குப் பத்து வேலை நாட்கள் உண்டு. அந்தப் பதில் கைக்கு வந்த பிறகுதான் பழைய புகார்கள் எதற்காவது உதவுமா என்றே சொல்ல முடியும். அதற்கு முன்பே ஃபைலைப் படித்துவிட்டால் மனசில் ஒரு முடிவு விழுந்துவிடும், அதற்குப் பிறகு கேட்கிற சாட்சியம் எல்லாம் அந்த முடிவுக்குத் துணைபோவது போலவே காதில் விழும்.

பழைய புகார் என்பது ஏதாவது ஒரு குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "இவர் எப்படிப்பட்ட ஆள்?" என்பது அந்தக் கேள்வி அல்ல. நம் நாட்டுச் சட்டம் இதை 1872-லேயே தெளிவாக எழுதி வைத்துவிட்டது. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 14, 15-ஆம் பிரிவுகளைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் அவை 12, 13-ஆம் பிரிவுகள். அங்கே தரப்பட்டிருக்கும் உதாரணங்களே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும். ஒருவர் இன்னொருவரைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு. இதே மனிதரை நோக்கி அவர் முன்பும் சுட்டிருக்கிறார் என்றால் அது பொருத்தமான சாட்சியம், ஏனென்றால் கொல்லும் எண்ணம் இருந்ததா என்ற கேள்விக்கு அது பதில் தருகிறது. ஆனால் அவர் பொதுவாகவே ஆட்களைச் சுடுகிற வழக்கம் உள்ளவர் என்பது பொருந்தாது என்கிறது சட்டம். முதல் தடவை படிக்கும்போது யாருக்கும் இது விசித்திரமாகத்தான் இருக்கும். யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். "ஆட்களைச் சுடுகிறவர்" என்று ஆளை முத்திரை குத்திவிட்டால், இந்தக் குறிப்பிட்ட ஆளை இவர்தான் சுட்டாரா என்று தேடும் வேலையே நின்றுபோகும்.

15-ஆம் பிரிவின் உதாரணம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தன் வீட்டுக்குத் தானே தீ வைத்தார் என்று ஒருவர் மேல் குற்றச்சாட்டு. அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வீடுகளில் குடியிருந்தார், ஒவ்வொன்றையும் இன்சூர் செய்தார், ஒவ்வொன்றும் எரிந்தது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பணம் வாங்கினார். இது பொருத்தமான சாட்சியம். இங்கே கேள்வி தெளிவாக இருக்கிறது: தீ தற்செயலா, வேண்டுமென்றே வைத்ததா? முந்தைய தீ ஒவ்வொன்றும் "தற்செயல்" என்ற விளக்கத்தை இன்னும் கொஞ்சம் பலவீனமாக்குகிறது.

உங்கள் கமிட்டி நீதிமன்றம் இல்லை, சாட்சியச் சட்டம் அப்படியே வரிக்கு வரி உங்களைக் கட்டாது. துறை விசாரணைகளுக்கு அந்தச் சட்டத்தின் நுணுக்க விதிகள் பொருந்தாது என்று 1977-இல் ஹரியானாவின் ஒரு பஸ் கண்டக்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கவில்லை என்பது அந்தக் கண்டக்டர் மீதான குற்றச்சாட்டு. சம்பந்தப்பட்ட பயணிகளை விசாரிக்கவே இல்லை, ஆனாலும் விசாரணை செல்லும் என்றது நீதிமன்றம். நியாயமான மனிதர் நம்பக்கூடிய, விஷயத்தோடு தொடர்புள்ள தகவல் எதையும் நீங்கள் பார்க்கலாம். ஆனால் அந்த உதாரணங்களில் இருக்கிற தர்க்கம் நீதிமன்றத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல, உங்கள் மேஜைக்கும் அதுதான் பொருந்தும்.

சரி, மேனேஜரின் பதிலுக்கு வருவோம். இம்மாதிரி விசாரணைகளில் பதில்கள் பெரும்பாலும் மூன்று வகையாகத்தான் இருக்கும். "அப்படி எதுவுமே நடக்கவில்லை" என்பது ஒன்று. "நடந்தது உண்மை, ஆனால் நான் தப்பான எண்ணத்தில் செய்யவில்லை, அவர் தவறாகப் புரிந்துகொண்டார்" என்பது இன்னொன்று. "அவருக்கும் சம்மதம்தான்" என்பது மூன்றாவது. பழைய புகாரின் எடை இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்தே மாறும்.

இரண்டாவது வகைப் பதிலுக்கு எதிராகத்தான் பழைய புகார் மிகவும் பலமாக நிற்கும். இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பழைய புகார் உண்மையா பொய்யா என்று முடிவு கட்டாமலேயே அதை இங்கே பயன்படுத்தலாம். இரவு நேரத்தில் பெண் ஊழியர்களுக்குச் சொந்த விஷயமாக மெசேஜ் அனுப்புகிறார் என்று முன்பு ஒரு புகார் வந்தது, கமிட்டி அவரைக் கூப்பிட்டுப் பேசியது, அவர் கையெழுத்துப் போட்டுப் பதில் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புகார் நிரூபணமாகாமலே போயிருக்கலாம். ஆனாலும் இப்படிச் செய்வது பிறருக்குத் தொந்தரவாக இருக்கும் என்பது அன்றைய தேதியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்று வந்து "இது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை" என்று சொல்ல முடியாது. இங்கே நீங்கள் பயன்படுத்துவது புகார் வந்தது என்ற உண்மையை மட்டும்தான், அதில் சொல்லப்பட்டிருக்கும் சம்பவத்தை அல்ல. அறிக்கையில் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிட்டால் மேல்முறையீட்டில் யாராலும் அசைக்க முடியாது.

சம்மதம் என்ற மூன்றாவது வகைக்கு இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு உண்டு. 2000-இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை முன் வந்த ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் அதற்கு முன் நான்கு முறை தனித்தனியாக விசாரிக்கப்பட்டிருந்தார். மூன்றில் விடுதலை, ஒன்றில் தண்டனை. விடுதலையான வழக்குகளில் புகார் சொன்ன பெண்களையும் புதிய வழக்கில் சாட்சியாக அழைக்கலாம் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் "நிரூபிக்கப்படவில்லை" என்ற முடிவு வந்தாலே பழைய சம்பவம் முழுவதும் அழிந்துபோய்விடும் என்ற உங்கள் கமிட்டியின் இரண்டாவது கட்சிக்கு அது நல்ல பதில். "நிரூபிக்கப்படவில்லை" வேறு, "பொய்" வேறு. நம் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. ஒரு புகாரை நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் புகார்தாரர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை.

கஷ்டம் முதல் வகையில்தான். "நடக்கவே இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது, முன்பும் இரண்டு பேர் இப்படிச் சொன்னார்கள் என்பதை அதற்கு எதிராக வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் வாதத்தை முழுசாகப் புரிந்துகொண்டு வைக்க வேண்டும். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர், ஒரே ஆள் மேல், ஒரே மாதிரியான பொய்யை, தனித்தனியாகச் சொல்வது அபூர்வம் என்பதுதான் அந்த வாதம். அதில் "தொடர்பில்லாத" என்பதும் "ஒரே மாதிரியான" என்பதும்தான் தூண்கள். இரண்டில் ஒன்று சரிந்தாலும் எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லை.

சட்டக் கல்லூரிகளில் இதற்கு எப்போதும் சொல்லும் வழக்கு 1915-இல் லண்டனில் நடந்தது. ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் என்பவர் மீது, 1912-இல் ஹெர்ன் பே என்ற ஊரில் தன் மனைவியைக் குளியல் தொட்டியில் மூழ்கடித்துக் கொன்றதாக வழக்கு. 1913-இல் பிளாக்பூலில் ஒரு மனைவி, 1914-இல் லண்டன் ஹைகேட்டில் ஒரு மனைவி, அவர்களும் அதேபோல் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார்கள், உயிலாலோ இன்சூரன்ஸாலோ ஒவ்வொரு முறையும் லாபம் அவருக்கு. அந்த இரண்டு சாவுகளையும் ஜூரி கேட்க அனுமதித்தார்கள். அவர் தூக்கிலிடப்பட்டார். விசாகா கமிட்டி பயிற்சி வகுப்புகளிலும் சிலர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "அதே மாதிரிதான் மூன்று புகாரும்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஸ்மித் வழக்கில் மூன்று பெண்கள் இறந்துபோனது யாரும் மறுக்காத உண்மை, எப்படி இறந்தார்கள் என்பது மட்டும்தான் கேள்வி. உங்கள் ஃபைலில் இருக்கும் முந்தைய புகார்களோ, அவையே மறுக்கப்பட்டவை. நிரூபணமாகாத ஒன்றை இன்னொரு நிரூபணமாகாத ஒன்றின் மேல் அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

தட்டிப் பார்ப்பது என்றால் முதலில் பழைய ஃபைல் எப்படி முடிந்தது என்று படிப்பது. "நிரூபிக்கப்படவில்லை" என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் பல கதைகள் இருக்கலாம். சம்பவம் நடந்ததாகச் சொன்ன நாளில் மேனேஜர் ஊரிலேயே இல்லை என்று விமான டிக்கெட் காட்டியிருந்தால், அந்தப் புகாருக்கு இன்று எடையே இல்லை. சொல்லப்போனால் அது அவர் பக்கம் சேரும். நேரில் பார்த்த சாட்சி இல்லை, ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல் என்று விட்டுவிட்டிருந்தால், அது இன்னும் உயிரோடு இருக்கும் சாட்சியம். அன்றைய கமிட்டி அதைத் தனியாக வைத்து எடை போட்டது, இன்று அதே மாதிரி இன்னொன்று வந்திருக்கிறது. சாட்சிகளை அழைக்கவே இல்லை, தொண்ணூறு நாள் கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்று ஃபைலை மூடிவிட்டார்கள் என்றால், அந்த முடிவு எந்தப் பக்கமும் எதையும் சொல்லவில்லை.

சமரசமும் அப்படித்தான். தடுப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி புகார்தாரர் கேட்டால் விசாரணைக்கு முன் சமரசம் செய்யலாம், பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது, சமரசம் ஆனபின் விசாரணை கிடையாது. ஆகவே சமரசத்தை "ஒப்புக்கொண்டார்" என்று படிக்கக் கூடாது. விசாரணையின் மன உளைச்சல் வேண்டாம் என்று குற்றமற்றவர்களும் மன்னிப்புக் கடிதம் எழுதிவிடுவது உண்டு. அதேபோல் "புகார்தாரரே பின்வாங்கிவிட்டார், அதனால் பொய்" என்றும் படிக்கக் கூடாது. சமரசக் குறிப்பில் மேனேஜர் என்ன உறுதிமொழி கொடுத்தார் என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

எச்.ஆர். வாய்வழியாகச் சொல்லும் "முன்னாடியே ரெண்டு மூணு பேர் சொல்லியிருக்காங்க" வகையறாவை ஒதுக்கிவிடுங்கள். மொட்டைக் கடிதாசியும் அப்படியே. யார், எப்போது, என்ன சொன்னார் என்று தெரியாத ஒன்றுக்கு மேனேஜரால் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத ஒன்றை அவருக்கு எதிராக எண்ணுவது நியாயமில்லை. அந்தத் தகவலை வைத்துக்கொண்டு ஆளைத் தேடிப் பிடித்து "நீங்கள் வந்து சொல்லத் தயாரா" என்று கேட்கலாம், அதோடு அதன் வேலை முடிந்தது.

அடுத்து, புகார்தாரர்களுக்குள் தொடர்பு உண்டா? நான் பார்த்தவரை கமிட்டிகள் அதிகமாகத் தவறவிடும் இடம் இதுதான். ஒன்று, கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் இரண்டு பேரும் தோழிகள் என்று தெரிந்ததும் "செட் பண்ணிக் கொடுத்த புகார்" என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. ஒருவருக்கு நடந்தது தெரிந்த பிறகுதான் இன்னொருவருக்குப் புகார் கொடுக்கத் தைரியம் வருகிறது, அது இயல்பு. தெரிந்திருந்தது என்பதே கூட்டுச்சதி ஆகாது. நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது இரண்டு விஷயம். முதலாவது, இந்த விவரத்தை இவர் அவரிடமிருந்து கேட்டிருக்க வழி இருந்ததா? இரண்டாவது, அதைக் கேட்பதற்கு முன்பே இவர் யாரிடமாவது இதைச் சொல்லியிருக்கிறாரா? சம்பவம் நடந்த அன்று இரவு அக்காவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, மறுநாள் இன்னொரு டீம் லீடுக்குப் போட்ட மெயில், அந்த வாரம் கேட்ட டீம் மாற்றம் இதெல்லாம் தேதியோடு இருக்கும். அந்தத் தேதி மற்றவர் கதை காதில் விழுவதற்கு முந்தையதாக இருந்தால், தோழிகளாகவே இருந்தாலும் அந்த விவரம் அவருடைய சொந்தச் சாட்சியம்தான்.

கூட்டாகப் பேசி வைத்துக்கொள்ளாமலேயே ஒருவர் கதை இன்னொருவர் கதையைச் சாயம் ஏற்றிவிடுவதும் நடக்கும். "அந்த ஆள் அப்படிப்பட்டவன்" என்று கேள்விப்பட்ட ஒருவர், தோளில் தட்டிப் பாராட்டியதைக்கூட வேறு கண்ணால் பார்க்க ஆரம்பிக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் புரிந்துகொண்ட விதம் மாறிவிட்டது. இதற்கு ஒரு எளிய வழி, "நீங்கள் என்ன உணர்ந்தீர்கள்" என்பதை அப்புறம் வைத்துக்கொண்டு, "என்ன நடந்தது, கை எங்கே இருந்தது, எவ்வளவு நேரம், என்ன வார்த்தை" என்று முதலில் கேட்பது. நடந்த விவரத்தில் ஒற்றுமை இருந்தால் அதற்கு எடை அதிகம். உணர்ந்த விதத்தில் மட்டும் ஒற்றுமை இருந்தால் குறைவு. கால வரிசையும் உதவும். பின்னால் வந்த புகார் முன்னால் வந்ததைக் கேட்டு உருவாகியிருக்கலாம், ஆனால் முதலாவதை யாரும் பின்னால் போய்த் திருத்த முடியாது.

ஒற்றுமை என்பதிலும் எல்லா ஒற்றுமையும் சமம் இல்லை. "இரவில் மெசேஜ் அனுப்பினார்", "தனியாகப் பேசக் கூப்பிட்டார்" என்பவை இம்மாதிரிப் புகார்களில் பாதிக்கு மேல் வரும். பொதுவானவற்றின் ஒற்றுமையால் பெரிதாக எதுவும் கிடைக்காது. யாரும் கற்பனை செய்து சேர்க்க வாய்ப்பில்லாத சின்ன விவரம் இரண்டிலும் இருந்தால் அதுதான் கனமானது. வேற்றுமைகளையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். மேனேஜரின் கீழ் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்பதையும் பாருங்கள். பதினைந்து வருடம் பல நூறு பேரை நிர்வகித்தவருக்கும் நான்கு பேர் டீம் வைத்திருந்தவருக்கும் இரண்டு புகார் என்பது ஒரே அர்த்தம் தராது. புகாரே வந்ததில்லை என்று வாதிடுபவர்களுக்கும் இதைச் சொல்லலாம். பெரும்பாலோர் புகார் கொடுப்பதே இல்லை என்பதால், காலி ஃபைலை வைத்து ஒருவர் நல்லவர் என்று நிரூபிக்க முடியாது.

ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்த்தால் இதெல்லாம் எப்படிப் பொருந்தும் என்று தெரியும். சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனம். 2025 மார்ச்சில், அப்ரைசல் நேரத்தில், மீட்டிங் ரூம் காலியில்லை என்று சொல்லி மேனேஜர் ஒரு பெண் ஊழியரைத் தன் காரில் உட்காரவைத்து ரேட்டிங் பற்றிப் பேசினார், பேசும்போது தொடையில் கை வைத்தார், அன்று இரவு பத்தே முக்காலுக்கு "பேசினது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று மெசேஜ் அனுப்பினார் என்பது புகார். மேனேஜரின் பதில்: காரில் பேசியது உண்மை, மெட்ரோ ஸ்டேஷனில் இறக்கிவிடப் போனபோது பேசினோம், தொடவே இல்லை, மெசேஜ் ரேட்டிங் ரகசியம் பற்றியது.

பழைய ஃபைல்கள் இரண்டு. 2019-இல் கோவைக் கிளையில் ஒரு பெண் கொடுத்த புகார்: அப்ரைசல் பேச்சை அலுவலகத்தில் வைக்காமல் காரில் வைத்துக்கொண்டார், முழங்காலில் கை வைத்தார். சாட்சி இல்லை, நிரூபிக்கப்படவில்லை. 2022-இல் சென்னையில் இன்னொருவர்: இரவில் சொந்த விஷயங்களைப் பற்றி மெசேஜ்கள், தொடுதல் எதுவும் இல்லை. சமரசம் ஆனது, அலுவலக நேரத்துக்குப் பின் டீமில் யாருக்கும் சொந்த எண்ணிலிருந்து மெசேஜ் அனுப்ப மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார்.

இப்போது தகராறில் இருப்பது எது? காரில் பேசியது அல்ல, அதை அவரே ஒப்புக்கொள்கிறார். மெசேஜ் அனுப்பியதும் அல்ல, அது போனில் இருக்கிறது. தொட்டாரா, மெசேஜின் நோக்கம் என்ன, இந்த இரண்டும்தான். முதல் கேள்விக்கு 2022 புகார் எந்த வகையிலும் உதவாது, அதில் தொடுதலே இல்லை. ஆனாலும் கமிட்டியில் யாராவது ஒருவர் அதையும் சேர்த்து "மூணு" என்று எண்ணுவார், அந்த எண்ணிக்கையை அங்கேயே நிறுத்த வேண்டும். 2019 புகார் உதவலாம். அப்ரைசலைக் காரில் வைத்தது, கை வைத்த விதம் இரண்டும் ஒத்துப்போகின்றன, ஊர் வேறு, கோவைப் பெண் 2020-இல் வேலையை விட்டுப் போய்விட்டார், புதிய புகார்தாரர் 2023-இல்தான் சேர்ந்தார். இருவரையும் தனித்தனியாகக் கேட்டதில் அறிமுகம் இல்லை, பொதுவான நண்பர் யாரும் இல்லை, 2019 ஃபைலில் இருந்த விவரம் வெளியே போனதற்கு அடையாளம் இல்லை. கோவைப் பெண் வீடியோ அழைப்பில் வந்து சொல்லவும், கேள்விகளுக்குப் பதில் தரவும் சம்மதித்தால், இந்தச் சாட்சியம் கனமானது. நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்ற அளவுகோல்தான் உங்களுக்கு, கிரிமினல் கோர்ட்டின் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் வேண்டியதில்லை. புதிய புகார்தாரரின் சொல்லும், அன்றிரவே அவர் தன் அக்காவுக்கு அனுப்பிய செய்தியும், இதுவும் சேர்ந்தால் அந்த அளவை எட்டலாம்.

கோவைப் பெண் வரச் சம்மதிக்கவில்லை என்றால்? வற்புறுத்தாதீர்கள், ஆறு வருடம் கழித்து இதையெல்லாம் மறுபடி கிளற வேண்டாம் என்று நினைக்க அவருக்கு உரிமை உண்டு. அப்போது கையில் இருப்பது ஒரு பழைய எழுத்துப் புகார் மட்டும், குறுக்கு விசாரணைக்கு உட்படாதது. அதைப் பதிவில் வைக்கலாம், முடிவை அதன் மேல் நிறுத்தக் கூடாது. 2022 உறுதிமொழியோ இரண்டாவது கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. எழுதிக் கொடுத்த பிறகும் இரவு பத்தே முக்காலுக்குச் சொந்த எண்ணிலிருந்து மெசேஜ் அனுப்பியவர் "பழக்கத்தில் அனுப்பிவிட்டேன்" என்று சொல்வது எடுபடாது. ஆனால் அந்த மெசேஜை வைத்து அவர் தொட்டார் என்று முடிவுகட்ட முடியாது.

ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பாருங்கள். கோவைப் பெண்ணும் புதிய புகார்தாரரும் கல்லூரித் தோழிகள், மூன்று மாதமாக இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அக்காவுக்கு அனுப்பிய செய்தி இல்லை. இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். ஆனால் கார் விவரம் இப்போது இரண்டு தனித்தனி ஊற்றிலிருந்து வரவில்லை, எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். புகார் தள்ளுபடியாக வேண்டும் என்று அர்த்தமில்லை, புதிய புகாரின் சொந்தச் சாட்சியத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

நடைமுறையில் இன்னொரு முக்கியமான விஷயம், மேனேஜரிடம் மறைக்காதீர்கள். பழைய புகாரைப் பயன்படுத்தப் போவதாக முடிவு செய்தால், எந்தப் புகாரை, எந்தக் கேள்விக்காக என்று எழுத்தில் சொல்லி, பொருளை அவரிடம் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தாருங்கள். தடுப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்லும் ரகசியம் இதற்குத் தடை என்று எச்.ஆர். சொல்வார்கள். அந்தப் பிரிவு பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் ஊடகத்துக்கும் வெளியிடுவதைத்தான் தடுக்கிறது. தனக்கு எதிராகப் பயன்படும் பொருளை ஒருவர் பார்ப்பதை அது தடுக்காது. பழைய புகார்தாரரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், தேவையில்லாத சொந்த விவரங்களை மறைத்துக் கொடுங்கள், மேனேஜரிடமும் ரகசியக் காப்பு எழுதி வாங்குங்கள். நேருக்கு நேர் உட்கார வைக்க வேண்டியதில்லை, கேள்விகளை எழுத்தில் வாங்கி கமிட்டியே கேட்கலாம்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மே மாதத்தில் வந்த கோவா பல்கலைக்கழக வழக்கு இருக்கிறது. ஒரு துறைத் தலைவர் மீது பல மாணவியர் புகார். கமிட்டி அவசர அவசரமாக விசாரித்து முடித்தது, தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்பு தரவில்லை. பணிநீக்கத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, விசாரணையைப் பழைய கட்டத்திலிருந்து மறுபடி நடத்தச் சொன்னது. சம்பவங்கள் நடந்து பதினான்கு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. புகார் கொடுத்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஹார்வி வைன்ஸ்டீன் வழக்கிலும் இதன் இன்னொரு வடிவம் நடந்தது. குற்றச்சாட்டில் இல்லாத வேறு சம்பவங்களைப் பற்றி வேறு பெண்களைச் சாட்சி சொல்ல வைத்தது தப்பு என்று 2024 ஏப்ரலில் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று தீர்ப்பளித்து, 2020 தண்டனையை ரத்து செய்தது. மூன்று நீதிபதிகள் எதிர்த்தார்கள் என்பதே இந்தக் கேள்வி எவ்வளவு இழுபறியானது என்று காட்டுகிறது. உங்கள் கமிட்டிக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுதான்: தேவைக்கு மேல் பழைய புகார்களைக் குவித்தால் அது புதிய புகார்தாரரைக் காப்பாற்றாது, அவருக்குக் கிடைத்த முடிவையே ஆட்டம் காண வைக்கும்.

கடைசியாக, தண்டனை. குற்றம் நிரூபணமான பிறகு என்ன செய்யலாம் என்று பரிந்துரைக்கும் கட்டத்தில் பழைய வரலாறு மறுபடி வரும், அங்கே அதன் இடம் வேறு. முன்பே நிரூபணமாகி எச்சரிக்கப்பட்டவர் மறுபடி செய்தால் கடுமை கூடுவது நியாயம். நிரூபணமாகாத 2019 புகாரையும் சமரசமான 2022 புகாரையும் "பழைய குற்றங்கள்" என்று தண்டனைக்குச் சேர்க்க முடியாது. 2022 உறுதிமொழியை மீறியது மட்டும் சேரும். அப்படிச் சேர்ப்பதாக இருந்தாலும் அதை அவருக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். மைசூர் மாநில அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 1963-இலேயே உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, நோட்டீஸில் சொல்லாத பழைய பதிவுகளை வைத்துப் பணிநீக்கம் செய்தது செல்லாது என்று தீர்த்துவிட்டது. அரசு ஊழியருக்குச் சொன்னது அது, ஆனாலும் தனியார் நிறுவன வழக்கறிஞர்களும் இதைப் பின்பற்றத்தான் சொல்வார்கள்.

அறிக்கை எழுதும்போது புதிய புகாரின் சாட்சியத்தை முதலில் தனியாக எடை போட்டு ஒரு பகுதி எழுதுங்கள். பழைய புகார்களுக்கு அடுத்த பகுதி. ஒவ்வொன்றுக்கும் கீழே எந்தக் கேள்விக்காக எடுத்தோம், எப்படி முடிந்திருந்தது, தொடர்பு உண்டா என்று எப்படிச் சோதித்தோம், மேனேஜர் என்ன பதில் சொன்னார், எவ்வளவு எடை தந்தோம் என்று நான்கைந்து வரி போதும். ஒதுக்கியவற்றையும் ஏன் ஒதுக்கினோம் என்று எழுதுங்கள். விசாரணை முடிந்து பத்து நாளில் அறிக்கை போக வேண்டும் என்பதால் இந்தக் குறிப்புகளை அன்றன்றே எழுதி வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் ஞாபகத்தை நம்ப வேண்டியிருக்காது.